பிளக் கழன்று விழுகிறதா? டொப்பை அல்ல, பேஸைப் பாருங்கள்

போன வாரம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. என்னோடு வேலை பழகும் பையன் கேத்தலின் பிளக் டொப்பை மாற்றிவிட்டு, "சரி அண்ணா, முடிஞ்சுது" என்றான். சுவரில் இருந்த பிளக் பேஸை அவன் பார்க்கவே இல்லை. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன்.

டொப்பை மட்டும் மாற்றுவது

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கேத்தல் பிளக் சரிந்து விழுகிறது, உள்ளே சிர்ரென்று சத்தம் வருகிறது என்றார்கள். பின் கறுத்திருந்ததால் புது டொப் போட்டேன். இரண்டு வாரத்தில் அந்த அம்மா அழைத்தார்: "தம்பி, புது டொப் போட்டும் கருகல் மணம் வருது." மறுபடியும் டொப்பையே மாற்றினேன். மூன்றாம் முறை போனபோது பேஸின் லைவ் துளை உருகி, டொப் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னைக் கவ்விப் பிடிப்பது பேஸுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகள். அவை தளர்ந்தால் பின் ஓரிரு புள்ளியில் மட்டுமே தொடும். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அந்தத் தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 7 வாட்டுக்கு மேல் சூடு அங்கே சேரும். சூட்டில் தகடு இன்னும் தளரும், கறுக்கும், தடையும் கூடும். இவ்வளவு நடந்தும் பிரேக்கரோ ட்ரிப் சுவிட்சோ விழாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவும் இல்லை, கசியவும் இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரிவது மணமும் சூடும் மட்டுந்தான்.

அதே பிளக்கை வேறொரு பேஸில் செருகிப் பாருங்கள். அங்கே இறுக்கமாக நின்றால் பழுது பழைய பேஸில்தான். துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ, செருகியபடியே இருக்கும்போது சத்தமோ பொறியோ வந்தாலோ பேஸை மாற்றியே ஆக வேண்டும். சுவிட்சை அணைக்காமல் பிளக்கை இழுக்கும்போது வரும் சிறு பொறி வேறு விஷயம். அணைத்துவிட்டு இழுத்தால் அது வராது. கறுத்துக் குழி விழுந்த டொப்பையும் பேஸோடு சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் அது புதுத் தகட்டையும் கெடுக்கும்.

காகிதம் மடித்துச் செருகுவது

வேண்டாம். எரியும்.

எர்த் துளையில் பேனாவைக் குத்தி மற்றத் துளைகளைத் திறப்பது

உருண்டை இரண்டு பின் டொப்பை 13 அம்பியர் சதுரத் துளைக்குள் நுழைக்க இப்படிச் செய்கிறார்கள். அந்தப் பின்னுக்கான தகடு அல்ல அது. பிடிப்பு சரியாக இருக்காது, தகடும் வளையும். அடப்டர் வாங்குங்கள்.

கருகிய வயரிலேயே புதுப் பேஸ்

மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். கறுத்த செம்பை ஸ்குரூவில் முறுக்கினால் சூடு அங்கேயே மறுபடி தொடங்கும். செம்பு பளபளக்கும் வரை, மேலுறை மென்மையாக இருக்கும் இடம் வரை வெட்டிவிட்டு மாட்டுங்கள். பெட்டிக்குள் வயர் எட்டாமல் போனால் இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். அந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவர் புது வயர் இழுத்துத் தருவார்.