ஸ்விட்ச் ஆஃப், ஆனாலும் ஸ்மார்ட் பல்பு மினுக்குகிறது: கண்டென்சர் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா வீட்டு மாடிப்படியில் 9 வாட் ஸ்மார்ட் பல்பு ஒன்று மாட்டினோம். மேலேயும் கீழேயும் ஸ்விட்ச் உள்ள டூ-வே வயரிங். முதல் நாள் ராத்திரியே போன் வந்தது, ஸ்விட்சை அணைத்த பிறகும் மூன்று நாலு விநாடிக்கு ஒரு தடவை பளிச், பளிச் என்று வெட்டுகிறதாம். கடையில் கொடுத்து வேறு பல்பு மாற்றினார்கள், அதுவும் அதையே செய்தது.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், பல்பைக் குறை சொல்வது. பல்பில் பழுது இல்லை, அணைத்த பிறகும் அதற்கு ஏதோ ஒரு வழியில் துளித்துளியாகக் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது. வேறு கம்பெனி பல்பு போட்டால் சில சமயம் மினுக்கல் நிற்கும், ஆனால் அந்தத் துளிக் கரண்ட் அங்கேயேதான் இருக்கும். அணைத்ததும் சில விநாடி மங்கலாகத் தெரிந்து தானாக அடங்கிவிடுவது வேறு. உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ்தான் அது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பழைய குண்டு பல்புக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. 60 வாட் குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை நூறு ஓமுக்கும் கீழே, மில்லியாம்பியர் கணக்கில் வருகிற கரண்ட் அதன் வழியே சத்தமில்லாமல் போய்விடும். எல்.இ.டி. பல்பின் உள்ளே முதலில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர், அதை அடுத்து ஒரு கண்டென்சர். துளிக் கரண்ட் வந்து அந்தக் கண்டென்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும், எல்.இ.டி.யை எரிய வைக்கும் டிரைவர் சர்க்யூட் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வோல்டேஜ் ஏறியதும் பல்பு ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டிலேயே சேர்ந்ததெல்லாம் தீர்ந்துபோகும், மறுபடி நிரம்பத் தொடங்கும். ஸ்மார்ட் பல்பில் இன்னொரு தலைவலியும் உண்டு. தொடர்ந்து சில தடவை ஆன்-ஆஃப் செய்தால் ரீசெட் ஆகிவிடும் மாடல்கள் இருக்கின்றன, அவை இந்த வெட்டுகளையே ஆன்-ஆஃப் என்று எண்ணி ஆப்பிலிருந்து கழன்றுகொள்ளலாம். இதிலிருந்தே ஒரு அடையாளமும் கிடைக்கிறது. வைஃபை வேலை செய்ய இந்தத் துளிக் கரண்ட் போதவே போதாது, அதனால் ஸ்விட்ச் ஆஃப் என்றால் ஆப்பில் பல்பு Offline என்றுதான் காட்ட வேண்டும். ஆஃப் நிலையிலும் ஆப்பிலிருந்து பல்பை இயக்க முடிகிறது என்றால் அது லீக்கேஜ் இல்லை, வயரிங்கே தப்பு.

சரி, கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஸ்விட்சில் சின்னதாகச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், அது எரிவதே பல்பு வழியாகத்தான், சுமார் அரை மில்லியாம்பியர் ஓடும். இண்டிகேட்டர் இல்லாவிட்டாலும், ஒரே பைப்புக்குள் கரண்ட் உள்ள வயரும் அணைத்த வயரும் ஒட்டிக்கொண்டு போகும்போது அவை இரண்டுமே சேர்ந்து ஒரு கண்டென்சர் மாதிரி நடந்துகொள்ளும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று தோராயமாக வைத்தால், 10 மீட்டருக்கு 230 வோல்ட்டில் 0.07 மில்லியாம்பியர் வருகிறது. டூ-வே வயரிங்கில் இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஓடும் ஜோடி வயரில் ஒன்று எப்போதும் கரண்டோடுதான் இருக்கும், மாடிப்படி பல்புகள் அதிகமாக மினுக்குவது அதனால்தான்.

இனி ஆபத்தான தவறுக்கு வருகிறேன். பல்பின் இரு முனைக்கும் குறுக்கே கண்டென்சர் போட்டால் மினுக்கல் நிற்கும் என்று கேள்விப்பட்டு நேராக அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தாலும் இதே மினுக்கல்தான் வரும். அந்த நிலைமையில் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் நிற்கும், பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவருக்கு ஷாக் அடிக்கும். கண்டென்சர் போட்டால் மினுக்கல் நிற்கும், ஷாக் அப்படியே இருக்கும், எச்சரிக்கையாக இருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

அதனால் முதலில் பல்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் முனைகளில் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், போர்டைத் திறந்து பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். பல்பு இல்லாதபோது ஒரு முனையில் டெஸ்டர் பிளக் பாயிண்ட் ஃபேஸில் எரிவது போலவே பளிச்சென்று எரிந்தால் ஸ்விட்ச் ஃபேஸில் இருக்கிறது. எதிலுமே அப்படி எரியாவிட்டால் அது நியூட்ரலில் இருக்கிறது. மங்கலாக எரிவதை நம்ப வேண்டாம், துளிக் கரண்டே டெஸ்டரை மங்கலாக எரிய வைக்கும். டிஜிட்டல் மீட்டரும் இப்படித்தான் ஏமாற்றும். அக்கா வீட்டுப் படிக்கட்டு ஹோல்டரில் ஸ்விட்ச் ஆஃப் நிலையில் 90 வோல்ட் காட்டியது, பார்த்ததும் பயந்துபோனோம், ஆனால் அதற்குப் பின்னால் பலம் எதுவும் இல்லை.

படிக்கட்டு ஸ்விட்ச் சரியாக ஃபேஸில்தான் இருந்தது. ஆனால் அதே வீட்டில் போர்டிகோ பல்பும் லேசாக எரிந்துகொண்டிருந்தது, அங்கே பார்த்தால் ஸ்விட்சில் வந்தது நியூட்ரல்! மெயினை அணைத்து போர்டில் வயரை மாற்றிக் கொடுத்ததும் அந்த மங்கல் வெளிச்சம் நின்றுவிட்டது, கண்டென்சரே தேவைப்படவில்லை.

படிக்கட்டுக்குப் போட்டது 0.1 மைக்ரோஃபாரட் X2 கண்டென்சர், மேலே 275V~ என்று அச்சடித்திருக்கும். ஹோல்டர் பக்கம், சீலிங் ரோஸுக்குள், ஸ்விட்சிலிருந்து வரும் வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அதைக் கட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 32,000 ஓம், துளிக் கரண்ட் அதன் வழியே போய்விடுவதால் 90 காட்டிய மீட்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பல்பு எரியும்போது இதில் 7 மில்லியாம்பியர் ஓடும், மின்கட்டணத்தில் தெரியாது. இண்டிகேட்டர் ஸ்விட்சாக இருந்தால் ஏறக்குறைய 16 வோல்ட் மிஞ்சும், அப்போதும் மினுக்கினால் 0.22 போடலாம். ஆனால் என்னைக் கேட்டால் அங்கே இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சை மாற்றுவதே சுலபம். கண்டென்சரோடு இணையாக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்த்தால், பல்பைக் கழற்றும்போது தேங்கிய சார்ஜ் சுரீரென்று அடிக்காது.

இதிலும் இரண்டு தப்பு நடக்கிறது. ஏறி இறங்கச் சிரமம் என்று கண்டென்சரை ஸ்விட்சுக்குக் குறுக்கே கட்டினால் மினுக்கல் நிற்பதற்குப் பதில் அதிகமாகும், கரண்ட் போக நாமே ஒரு புது வழி போட்டுக் கொடுத்தது போல. இன்னொன்று, கைவசம் இருக்கிற 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டென்சரைப் போட்டுவிடுவது. மினுக்கல் நிற்கத்தான் செய்யும், ஆனால் கிட்டத்தட்ட 180 மில்லியாம்பியர் வீணாக ஓடும், ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி தட்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வருஷக்கணக்கில் நிற்பதற்கென்றே செய்தது X2 தான்.

மழை பெய்தால் மட்டும் மினுக்குகிறது, வெயில் காய்ந்தால் நின்றுவிடுகிறது என்றால் கண்டென்சர் பக்கமே போகாதீர்கள். சுவரில் ஈரம் இறங்கி வயர் இன்சுலேஷன் கெட்டிருக்கலாம். பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டியதுதான்.