பிரவுசர் டேப்பில் ‘அருள்மிகு…’ மட்டும் தெரிந்தால் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

பினாங்கில் கோயில் அகப்பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கோயிலின் முழுப் பெயரை ஒவ்வொரு பக்கத் தலைப்பின் முன்னாலும் போட்டுவிடுகிறார்கள். பாலமுருகன் ஆலயம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்:

```
<title>அருள்மிகு ஸ்ரீ பாலமுருகன் ஆலயம், பினாங்கு | தைப்பூசம் 2026 | ரதம் புறப்படும் நேரம்</title>
```

பத்துப் பதினைந்து டேப் திறந்திருந்தால் இதில் ‘அருள்மிகு’ தெரிவதே பெரிது, ஏனென்றால் டேப் கூடக் கூட ஒவ்வொன்றும் ஒடுங்கும், தமிழ் எழுத்தோ ஆங்கில எழுத்தை விட அகலமாக இடம் பிடிக்கும். ரத நேரம், பால்குடப் பதிவு, அர்ச்சனைக் கட்டணம் மூன்றையும் திறந்து வைத்திருப்பவருக்கு மூன்று டேப்பும் ஒன்றுபோலவே தெரியும். ஐகானும் ஒன்றே.

சரி, கோயில் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ‘தைப்பூசம் 2026’ என்று தொடங்கலாமே என்று தோன்றும். இதுதான் அடுத்த தவறு. தைப்பூசத்துக்கென்றே நான்கைந்து பக்கங்கள் இருக்கும், எல்லாம் மறுபடியும் ஒரே மாதிரி ஆகிவிடும். பக்கத்துக்குப் பக்கம் எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் முதலில் வர வேண்டும்:

```
<title>ரதம் 2026: தைப்பூசப் புறப்பாட்டு நேரம் | பாலமுருகன் ஆலயம், பினாங்கு</title>
<title>பால்குடம் 2026: தைப்பூசப் பதிவு | பாலமுருகன் ஆலயம், பினாங்கு</title>
```

ஆண்டை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் புக்மார்க். போன வருடம் சேமித்த ரதப் பக்கமும் இந்த வருடத்துப் பக்கமும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்போது, ஆண்டு கடைசியில் இருந்தால் அது வெட்டுப்பட்டுப் போய், பழைய நேரத்தை நம்பித் தண்ணீர்மலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சுருக்குகிறேன் என்று கோயில் பெயரையே எடுத்துவிடவும் கூடாது. ‘கட்டணம்’ என்று மட்டும் சேமித்தால் ஆறு மாதம் கழித்து அது கோயில் கட்டணமா, டியூஷன் கட்டணமா என்று யாருக்குத் தெரியும்? பெயர் பின்னால் இருக்கட்டும்.

‘அருள்மிகு’ இல்லாமல் சாமி பெயரைப் போடுவதா என்று ஆலய நிர்வாகத்தில் பெரியவர்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். அவர்களுக்குக் காட்ட வேண்டியது இது: `<title>` வேறு, பக்கத்துக்குள் பெரிதாகத் தெரியும் `<h1>` வேறு. உள்ளே முழுத் திருப்பெயரும் அடைமொழியோடு அப்படியே இருக்கலாம்.

இதையெல்லாம் இணைப்பை வாட்சப் குழுவில் போடுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். புக்மார்க் என்பது சேமித்த நேரத்துத் தலைப்பைத்தான் வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் தலைப்பை மாற்றினாலும், ஏற்கெனவே சேமித்தவர் பட்டியலில் பழைய ‘அருள்மிகு ஸ்ரீ…’ அப்படியேதான் நிற்கும், அவராகத் திருத்தினால் ஒழிய.