"ஹூ" வெட்டி "ஐஎன்ஜி" ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன வாரம் சில பேரோட சென்டன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் பேப்பர் திருத்திட்டு இருந்தேன், வாக்கியத்தைச் சுருக்கச் சொன்னா யோசிக்காம "ஹூ"வை வெட்டிட்டு வெர்ப்ல "ஐஎன்ஜி" ஒட்டி, பாதிப் பேர் நான் படிக்கிறப்போ பண்ணின அதே தப்பைப் பண்ணியிருக்காங்க, எனக்கு சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு. ஸ்பெல்லிங், கமா எல்லாம் விடுங்க, அது நீங்களே பாத்துப்பீங்க.

முடிஞ்சு போன வேலைக்கு ஐஎன்ஜி

எனக்கு வந்த கேள்வி இது: "த மேன் ஹூ ஸ்டோல் த கார் வாஸ் அரெஸ்டட்." சுருக்கி எழுதணும். நானும் "ஹூ ஸ்டோல்" எடுத்துட்டு "த மேன் ஸ்டீலிங் த கார் வாஸ் அரெஸ்டட்"னு கெத்தா எழுதிட்டு வந்தேன். மார்க் போச்சு. பக்கத்துல சிவப்பு மையில "கையும் களவுமா பிடிச்சாங்களா?"ன்னு ஒரு வரி. ஏன்னா நான் எழுதினதுக்கு அர்த்தம் திருடிட்டு இருக்கிறப்பவே ஆளை அமுக்கிட்டாங்கன்னு ஆகுது.

நம்மள கவுக்குறது தமிழ்தான்னு நினைக்கிறேன். திருடுன ஆளு, திருடுற ஆளு, ரெண்டையும் சொல்ல நமக்கு ஆளுக்கு முன்னாடி தலா ஒரு சொல்லு போதும், காலமும் பெயரெச்சத்துக்குள்ளயே உக்காந்திருக்கும். ஐஎன்ஜிக்குள்ள காலமே கிடையாது, மெயின் வெர்ப் எந்த நேரத்துல நடக்குதோ பெரும்பாலும் அதே நேரத்தை ஒட்டிக்கும். சரி, முடிஞ்சதைக் காட்ட "த மேன் ஹேவிங் ஸ்டோலன் த கார் வாஸ் அரெஸ்டட்"னு போடலாமேன்னு அடுத்து ஒரு கூட்டம் கிளம்பும், அதுவும் வேணாம். "ஹேவிங்" முன்னாடி வந்து கமா போட்டா அழகா நிக்கும்: "ஹேவிங் ஸ்டோலன் த கார், ஹி ஃப்ளெட்." எந்த ஆளுன்னு அடையாளம் காட்ட பெயருக்குப் பின்னாடி ஒட்டினா உதைக்கும்.

நான் இப்போ பண்றது, "ஹூ" இருக்கிற இடத்துல தமிழ்ல சொல்லிப் பாப்பேன். "செஞ்சுட்டு இருந்த", "வழக்கமா செய்ற", இல்ல சும்மா ஒரு நிலைமை, இதுல ஏதாவது பொருந்தினா ஐஎன்ஜி தாராளமா போடலாம். "த மென் ஹூ வேர் பிளாக்கிங் த ரோட்" அப்படியே "த மென் பிளாக்கிங் த ரோட்" ஆயிடும், "எ லெட்டர் விச் கன்டெய்ன்ட் மணி"யும் "கன்டெய்னிங் மணி" ஆகும். "ஒரு தடவை செஞ்சு முடிச்ச"ன்னு மட்டும்தான் வருதுன்னா "ஹூ"வைத் தொடாதீங்க. பேஸிவ்ல இந்தத் தொல்லையே இல்ல, "த கார் ஸ்டோலன் எஸ்டர்டே" சுத்தமான இங்கிலீஷ்.

"த ஃபர்ஸ்ட் பெர்சன் ஹூ ரீச்ட்"

இதைச் சுருக்கினா "த ஃபர்ஸ்ட் பெர்சன் டு ரீச்". ஐஎன்ஜி இல்ல.

"நோயிங் நாட்"

இப்படி இல்ல, "நாட் நோயிங்"னு எழுதுங்க.

"வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்"

மழை எந்த வீட்டுக்கு நடந்து போச்சு? "வாக்கிங் ஹோம், ஐ காட் வெட்"னு எழுதுங்க, நனைஞ்சது நீங்கதானே.