மெத்தைக் கடைக்கு ‘உண்மையா, கட்டுக்கதையா?’ கேப்ஷன் எழுதுவது எப்படி

தெரிந்தவர் ஒருவரின் மெத்தைக் கடைக்காக இன்ஸ்டாகிராமில் ஸ்லைடு ஸ்லைடாகப் போகும் வினாடி வினா பதிவு ஒன்றைச் செய்தேன். ஸ்லைடுகளை வடிவமைப்பது எளிது, கேன்வாவில் முடித்துவிடலாம். கேப்ஷன் எழுதுவதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் கடையில் தினமும் காதில் விழும் நம்பிக்கை ஒன்றைப் பிடியுங்கள். நான் எடுத்தது: “கெட்டியாக இருந்தால் டென்சிட்டி அதிகம்.” இது கட்டுக்கதை. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. கெட்டித்தன்மை, அழுத்தினால் ஃபோம் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. டென்சிட்டி குறைந்த ஃபோமையும் கல் மாதிரி செய்ய முடியும். ஆனால் அது சீக்கிரம் குழி விழும்.

அடுத்து முதல் வரி. கேப்ஷனில் முதல் 125 எழுத்துகள் அளவுக்குத்தான் வெளியே தெரியும், மீதி ‘மேலும்’ என்பதற்குள் போய்விடும். அதனால் விடை மேலே வரவே கூடாது. “கட்டுக்கதை! கெட்டி வேறு, டென்சிட்டி வேறு” என்று தொடங்கினால் ஸ்லைடைத் தள்ளிப் பார்க்க யாருக்கும் வேலை இருக்காது. கேள்வியை மட்டும் வையுங்கள்.

இனிதான் முக்கியமான படி. விடையைச் சொன்னால் மட்டும் போதாது, வாங்குபவர் கடையில் நின்று தானே சோதிக்க ஒரு வழியும் வேண்டும். ‘தரம் பார்த்து வாங்குங்கள்’ என்பதை வைத்து அவர் எதைப் பார்ப்பார்? எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணமாக மெத்தை 72×36 அங்குலம், 5 அங்குல உயரம். மூன்றையும் பெருக்கி, ஒரு கன மீட்டரில் உள்ள கன அங்குலங்களான 61,024 ஆல் வகுத்தால் சுமார் 0.212 கன மீட்டர். 40 டென்சிட்டி ஃபோம், அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ என்றால் 8.5 கிலோ வர வேண்டும். 28 என்றால் 6 கிலோதான். உறையின் எடை தனி.

முழு கேப்ஷன் இப்படி வந்தது:

“கெட்டியான மெத்தைன்னா டென்சிட்டி அதிகம். உண்மையா, கட்டுக்கதையா? கமெண்ட்ல சொல்லிட்டு ஸ்வைப் பண்ணுங்க.

விடை கடைசி ஸ்லைடில். 6×3 அடி, 5 இன்ச், 40 டென்சிட்டி ஃபோம் மெத்தை உறை இல்லாமலே எட்டரை கிலோ இருக்கணும். கடையில தராசு கேளுங்க, எங்க கடையிலயும் கேளுங்க.”

கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தன் சரக்கையே எடை போடச் சொல்லும் கடையைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

கேப்ஷனை ஆப்பிலேயே தட்டச்சு செய்வதைவிட கூகுள் கீப்பில் எழுதி ஒட்டுவது எனக்குப் பிடிக்கும். பாதியில் அழிந்துபோகும் பயம் இல்லை.

பின்சேர்க்கை: ரீபாண்டட் மெத்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொருந்தாது. துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டுவதால் அதன் எடை எப்படியும் கூடும். தேங்காய் நார் சேர்ந்தது, பல அடுக்கு உள்ளது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். அதனால் கேப்ஷனில் ‘ஒரே அடுக்கு பியூ ஃபோமுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த வகை மெத்தைகளுக்கு ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் அடுக்குகளைக் காட்டச் சொல்லும் தனிப் பதிவு போடுங்கள்.