கேட்-8 என்று அச்சடித்திருந்தால் போதுமா?

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா, கண்காணிப்பு கேமராவுக்கு 40 மீட்டர் தட்டை நெட்வொர்க் கேபிள் வாங்கி வந்தார். கேபிளின் மேலுறையில் "CAT8 40Gbps", அதாவது எட்டாம் தரம், நொடிக்கு 40 ஜிகாபிட் வேகம் என்ற அச்சு; முனையில் பளபளக்கும் உலோக பிளக். பகலில் கேமரா ஓடியது. இருட்டி அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வந்தது.

உறையை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தேன். கொஞ்சம் தள்ளி "U/UTP 32AWG" என்றும் இருந்தது. விஷயம் அங்கேதான். U/UTP என்றால் உள்ளே மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசமே இல்லை. கேட்-8க்குக் கவசம் கட்டாயம். அப்படியானால் அந்த உலோக பிளக் வெறும் அலங்காரம், எதனோடும் இணையவில்லை. AWG என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் அளவு; எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 24 என்றால் அரை மில்லிமீட்டர், 32 என்றால் 0.2 மட்டுமே. மின்தடை ஆறு மடங்குக்கு மேல். கேமராவுக்கு மின்சாரமும் இதே கம்பியில்தான் போகிறது, இரவில் அது திணறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, அசல் கேட்-8கூட 40 ஜிபிபிஎஸ் வேகத்தை 30 மீட்டர் வரைதான் தரும்!

கம்பி நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், முழுச்செம்பு அல்ல. பிளக்கின் தங்கப் பூச்சு துருவைத் தடுக்கும், வேகத்தைக் கூட்டாது.

மாமாவுக்கு 24AWG முழுச்செம்பு கேட்-5இ போதுமாக இருந்தது.