கழுத்திலிருந்து ஏறிய தலைவலி

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். மதியமானால் வலது பிடரியில் வலி தொடங்கும், அப்புறம் கண்ணுக்குப் பின்னால் ஏறும். கண்ணாடி மாற்றியும் குறையவில்லை. கழுத்தைத் திருப்பினால் வலி கூடுவதைப் பார்த்துத்தான் பிசியோதெரபிஸ்ட் காரணத்தைப் பிடித்தார். மேல்கழுத்து நரம்பும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் ஒரே இடத்தில் சேர்வதால், கழுத்து வலி தலைவலியாகத் தெரிகிறதாம்.

மடிக்கணினியைப் பழைய பேரேடுகள்மேல் வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். தனி விசைப்பலகை வாங்கினேன். மணிக்கொருமுறை தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துவேன், 10 தடவை. முதலில் தலையைக் குனிந்து செய்ததால் பலனில்லை. பார்வை நேராக இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்தது.

கை மரத்துப்போனாலோ, திடீரெனக் கடுமையாக வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.