முருங்கை இலைத் தூள்: குழுக்கள் காசை விடும் இடம்

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலைக்குப் பஞ்சமில்லை. மரத்தைக் கவாத்து பண்ணும்போது வரப்போரம் குவிந்துகிடப்பதை ஆடுதான் மேயும். அதனால் தூள் தொழிலில் இறங்கும் மகளிர் குழுக்கள் மூலப்பொருளுக்குக் கவலைப்படுவதில்லை. நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது.

இடத்தைப் பார்க்காமல் இலையை வெட்டுவது

புதுக்குழுக்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு இதுதான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஒரு குழு கொத்தோடு 50 கிலோ இலை கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். உருவி எடுத்தால் ஏறத்தாழ பாதி, 25 கிலோ இலை தேறும். நிழலில் உலர்த்த ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் பரப்பக் கூடாது. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் ஒன்றில் ஒன்றரை கிலோதான் கொள்ளும். அப்படியானால் 25 கிலோவுக்குப் பதினாறு பதினேழு கட்டில் வேண்டும். வீட்டில் இருப்பதோ நாலு. மிச்சத்தையும் அதன் மேலேயே கொட்டிவிடுகிறார்கள்.

மேலடுக்கு இரண்டே நாளில் மொறமொறவென்று ஆகிவிடும். அடியில் இருப்பது வேர்த்து, கறுத்து, வைக்கோல் வாடை அடிக்கும். அள்ளும்போது இரண்டும் கலந்துவிடும். மேலே கை வைத்துப் பார்த்தவர், "காஞ்சிருச்சுங்க்கா, மில்லுக்குக் கொண்டு போலாம்" என்பார்.

எடைபோடும்போது இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. சரியாக உலர்ந்தால் 25 கிலோ இலை சுமார் ஐந்தே கால், ஐந்தரை கிலோவுக்கு இறங்கும். ஈரம் நின்றால் அதே இலை ஆறு கிலோவுக்குப் பக்கம் நிற்கும். அரைக் கிலோ கூடுதல் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த அரைக் கிலோ வெறும் தண்ணீர். மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் கூப்பிடுவார்: "ஏனுங் அம்மணி, தூளு கட்டி கட்டியா நிக்குது, பூசணம் புடிச்ச மாதிரி வாடை வருதுங்." ஒரு பாக்கெட் அப்படிப் போனால் அந்தத் தடவை போட்ட அத்தனையும் திரும்பி வரும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஆறடிக்கு மூன்றடியில் ஐந்தடுக்கு வலைச் சட்டம் ஒன்று இருந்தால் எட்டு கிலோ இலை, அதாவது கொத்தோடு 16 கிலோ. அதற்கு மேல் அன்றைக்கு வெட்டவே வேண்டாம். மரம் எங்கேயும் ஓடிவிடாது.

காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கசக்கிப் பார்ப்பது போதாது; இலை முந்திக் காயும், காம்பு பிந்தும். காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், மடங்கினால் இன்னும் ஒரு நாள். இன்னும் நிச்சயமாகத் தெரிய, ஒரு கிலோ பச்சை இலையைத் தனியாக வலைப்பையில் போட்டு நடு அடுக்கில் வையுங்கள். அது 220 கிராமுக்குப் பக்கம் வந்து, மூன்று மணி நேரம் விட்டு மறுபடி எடைபோடும்போதும் குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வெயிலில் வையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் மில்லுக்குப் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பேச்சே கிடையாது. உலர்த்தும் பெட்டி இல்லாத குழு அப்போது வேறு வேலை பார்ப்பது நல்லது. ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், ஆனால் புழுதி ஏறும். மேலே மெல்லிய துணி மூட வேண்டும்.

சூட்டோடு பாக்கெட் போடுவது

அரைத்த தூள் சூடாக இருக்கும். அப்படியே அடைத்தால் உள்ளே ஆவி படிந்து, பாடுபட்டுக் காயவைத்ததெல்லாம் வீண். அகலமான தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய உடனே அடையுங்கள். ஆறிய பிறகும் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வெளிச்சத்தில் பச்சை வெளுத்துவிடும். ஒளி புகாத அலுமினியத் தாள் கவரே சரி.

காய்த் தோட்டத்து இலை

காய்க்காகப் போட்ட தோட்டத்தில் புழுவுக்கும் ஈக்கும் மருந்து அடித்திருப்பார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அந்த இலையை எடுக்காதீர்கள். கழுவினால் எல்லா மருந்தும் போய்விடாது. கடைசியாக எப்போது, என்ன அடித்தார் என்று தோட்டக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பதில் தடுமாறினால் வேறு மரம் பாருங்கள். வேலியோரத்தில் மருந்தே காணாத மரம் நாலு இருந்தாலும் போதும்.

கழுவுதல்

10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு, ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீர். வடியவிட்டுத்தான் பரப்ப வேண்டும்.

நேர் வெயில்

வேண்டாம். பச்சை போனால் விலையும் போச்சு.

மாவு மில்

மிளகாய் அரைத்த கையோடு அரைக்கக் கொடுக்காதீர்கள்.